தேங்காய்ப்பூத் துண்டும் சுருட்டை முடியும்

என் அக்கா மகளுக்கு நல்ல அடர்த்தியான சுருட்டை முடி. தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வரும்போது பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுருளும் ஒரு விரல் தடிமனில், பளபளவென்று, தோளுக்குக் கீழே வரை வளைந்து வளைந்து இறங்கியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்தச் சுருள்களைத் தேட வேண்டியிருக்கும். இழை இழையாகப் பிரிந்து, பஞ்சு வெடித்த மாதிரி தலையைச் சுற்றிச் சிலும்பிக்கொண்டு நிற்கும். கல்லூரியில் இதை ‘ஃப்ரிஸ்’ என்கிறார்களாம். எங்கள் வீட்டில் எப்போதும் சிலும்பல்தான்.

விளம்பரத்தைப் பார்த்து அவள் ஒரு மைக்ரோஃபைபர் தலைத்துணி வாங்கினாள். ஒரு முனை அகலமாகவும் மறு முனை வால் மாதிரி குறுகியும், பின்னால் ஒரு பொத்தானும் அதை மாட்ட ஒரு வளையமும் உள்ள துணி. தலையைக் குனிந்து முடியை உள்ளே விட்டு, முறுக்கி, வாலைப் பின்னுக்குக் கொண்டுபோய் மாட்டினால் தலைப்பாகை மாதிரி நிற்கும். இரண்டு வாரம் பயன்படுத்திவிட்டு என்னிடம் வந்தாள். “சித்தி, மைக்ரோஃபைபர்னுதான் போட்டிருந்தது. அப்படியும் சிலும்பல் போகலையே” என்றாள். அக்கா பக்கத்திலிருந்து, “அம்மா நமக்கெல்லாம் ஈரிழைத் துண்டுலதானே முடிஞ்சு விட்டாங்க” என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு செய்தி இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அதற்கு முன்னால் ஈரம் முடிக்கு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முடியின் உட்பகுதி கெரட்டின் என்ற புரத நார்களால் ஆனது. அந்த நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை நிரந்தரமானது. ரசாயனம் போட்டால்தான் உடையும். இன்னொரு வகை தண்ணீர் பட்டாலே விட்டுவிடும், காய்ந்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஹைட்ரஜன் பிணைப்பு என்பது இதைத்தான். முடி எந்த வடிவத்தில் இருக்கும்போது காய்கிறதோ அந்த வடிவத்திலேயே இந்தப் பிணைப்புகள் சேர்ந்து இறுகும். இரவு ஈர முடியைப் பின்னிவிட்டுப் படுத்தால் காலையில் நேர்முடிகூட அலை அலையாக இருப்பது இதனால்தான். ஆக, குளித்து முடித்ததிலிருந்து காயும் வரை முடி அச்சில் ஊற்றிய மாவு மாதிரி. அந்த நேரத்தில் அதற்கு என்ன நடந்தாலும் அது அன்றைய வடிவமாகப் பதிந்துவிடும்.

தண்ணீர் இரண்டு இடங்களில் தங்குகிறது. ஒன்று முடியின் உள்ளே. நூறு கிராம் உலர்ந்த முடி நனைந்தால் ஏறக்குறைய 30 கிராம் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு இழையும் கொஞ்சம் பருக்கும். இன்னொன்று, இழைக்கும் இழைக்கும் நடுவில். சொட்டுவது இந்தத் தண்ணீர்தான். பக்கத்துப் பக்கத்து இழைகளை ஒட்டவைத்து ஒரே சுருளாகக் கட்டி வைத்திருப்பதும் இதே தண்ணீர்தான். நனைந்த தூரிகையின் மயிர்கள் கூராகச் சேர்ந்து நிற்குமே, அப்படி. குளியலறை வாசலில் நாம் பார்த்து மயங்கும் அந்த அழகான சுருள் உண்மையில் தண்ணீர் கட்டிய கட்டு.

எந்தத் துணியாக இருந்தாலும் அது எடுக்கக்கூடியது நடுவில் உள்ள தண்ணீரை மட்டும்தான். முடிக்கு உள்ளே போன தண்ணீரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துணியாலும் உறிஞ்ச முடியாது. அது காற்றில் ஆவியாகித்தான் போக வேண்டும். துணியால் முடியை முழுக்க உலர்த்திவிடலாம் என்று நினைத்து மேலும் மேலும் தேய்ப்பவர்கள், கிடைக்காத தண்ணீருக்காகச் சுருளைக் கலைக்கிறார்கள். துணிக்கு இருக்கும் வேலை சின்னது: சொட்டும் தண்ணீரை எடுப்பது, சுருளின் கட்டு பிரியாமல் எடுப்பது.

இனி முடியின் மேற்பரப்பு. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கீழ்நோக்கிச் சரிந்து அடுக்கியிருப்பதுபோல முடியின் வெளிப்புறத்தில் செதில்கள் அடுக்கியிருக்கின்றன. எல்லாம் வேரிலிருந்து நுனியைப் பார்த்துப் படுத்திருக்கும். உதிர்ந்த ஒரு முடியை எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து வேரிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் சொரசொரக்கும். துண்டால் தலையைப் பரபரவென்று துவட்டும்போது கை முன்னும் பின்னும் போகிறது. அதில் பாதி அசைவு செதிலுக்கு எதிர்த்திசையில்தான். போதாததற்கு நனைந்த முடி காய்ந்த முடியைவிட எளிதாக இழுபடும், வலுவும் குறைவு. நேர்முடியானால் இழைகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்று படுத்திருப்பதால், துவட்டிக் கலைந்தாலும் சீப்பு போட்டால் வரிசைக்கு வந்துவிடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு இழைக்கும் தனித் தனி வளைவு. ஒரு முறை கட்டு பிரிந்துவிட்டால் அது தன் பழைய கூட்டத்தைத் தேடிப்போய்ச் சேர்வதில்லை. பிரிந்த இடத்திலேயே காய்ந்து நிற்கும். அந்தத் தனி இழைகளின் கூட்டம்தான் சிலும்பல்.

நம் வீடுகளில் இப்போது குளிக்கும் அறையில் தொங்குவது பெரும்பாலும் டர்க்கி டவல். அதற்குத் தமிழில் தேங்காய்ப்பூத் துண்டு என்று எவ்வளவு பொருத்தமான பெயர்! துருவிய தேங்காயைத் தூவிய மாதிரி மேலெல்லாம் நூல் வளையங்கள். கைத்தறியில் இதுபோன்ற வளையத் துணி துருக்கியில் நெய்யப்படுவதை இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி கிறிஸ்டி பார்த்துவிட்டுப் போய், சாமுவேல் ஹோல்ட் என்பவர் அதை நெய்ய எந்திரம் அமைத்து, 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் அந்தத் துண்டுகள் வைக்கப்பட்டன. வளையம் வைத்ததன் நோக்கம் தெளிவானது. ஒரே அளவு துணியில் தண்ணீரைத் தொடும் பரப்பு பல மடங்காகிறது. முதுகையும் காலையும் துடைக்க அதைவிட நல்ல துணி இல்லை. ஆனால் தோலில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லாததால்தான் அங்கே அது நல்ல துணி. சுருட்டை முடியில் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கொக்கி. சுருளின் ஓரத்தில் வளைந்து நிற்கும் இழையைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து வெளியே இழுத்துவிடும்.

அந்தத் துண்டு வெயிலில் விறைத்துக் காய்ந்திருந்தால் இன்னும் மோசம். பருத்தித் துண்டு கொடியில் காய்ந்தால் ஏன் அட்டை மாதிரி ஆகிறது என்பதை ஜப்பானின் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். துணி காய்ந்த பிறகும் பருத்தி நார்களின் மேல் மிகக் கொஞ்சம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது; அது பக்கத்து நார்களைப் பசை மாதிரி பிணைக்கிறது என்பது அவர்கள் கண்டது. அதனால்தான் அந்தத் துண்டை உதறிக் கசக்கினால் கொஞ்சம் இளகுகிறது. சென்னையில் எங்கள் பகுதி மாதிரி போர் தண்ணீரில் துவைப்பவர்களுக்கு உப்பும் சேர்ந்துகொள்ளும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை துணியை மாற்றவில்லை, கையை மட்டும் மாற்றினோம். தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்ட நிலையிலேயே அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்து அலசிவிட்டு வந்தாள். நெற்றியிலிருந்து பிடரி வரை நடு வகிடு எடுத்தோம். இடப்பக்கத்தை அவள் எப்போதும் செய்வதுபோலத் தேங்காய்ப்பூத் துண்டால் துவட்டினாள். வலப்பக்கத்தில் அதே துண்டின் காய்ந்த பகுதியை உள்ளங்கையில் விரித்து, சுருளை நுனியிலிருந்து அதில் தூக்கி வைத்து, கையை மூடி ஐந்தாறு நொடி அழுத்திவிட்டு விட்டாள். தேய்ப்பு இல்லை. காயத்தில் ரத்தத்தை ஒற்றி எடுப்போமே, அந்த ஒற்றுதான். பிறகு இரண்டு பக்கத்தையும் தொடாமல் காயவிட்டோம்.

காய்ந்ததும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். சிலும்பலைப் பார்க்க நல்ல வழி இதுதான். முகத்துக்கு நேரே வெளிச்சம் விழுந்தால் தெரியாது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் தலையைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு தனி இழையும் மினுங்கும். இடப்பக்கம் ஒரு பெரிய ஒளிவட்டம். வலப்பக்கம் சுருள்களின் விளிம்பு தெரிந்தது, அங்கங்கே சில இழைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. புதிதாக எதுவும் வாங்காமல், அதே துண்டில், துவட்டுவதை விட்டு ஒற்றியதற்கே இவ்வளவு மாற்றம். அன்றைக்கு அவள் முகத்தில் சந்தோஷத்தோடு கொஞ்சம் கோபமும் இருந்தது; தலைத்துணிக்குக் கொடுத்த காசு நினைவுக்கு வந்திருக்கும்.

அந்தத் துணியை நான் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். மைக்ரோஃபைபர் என்பது நூலின் நுண்மையைக் குறிக்கும் சொல், துணியின் நெசவை அல்ல. 9,000 மீட்டர் நீள இழையின் எடை ஒரு கிராமுக்கும் குறைவாக இருந்தால் அது மைக்ரோஃபைபர். 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ இப்படிப்பட்ட நுண்ணிழையைக் கொண்டு மான்தோல் போன்ற துணியை உருவாக்கினார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய கண்ணாடி துடைக்கும் துணியும் தலைத்துணியும். நல்ல ரகத்தில் பாலியெஸ்டரையும் பாலியமைடையும் ஒரே இழையாக இழுத்து, பிறகு அதை ஆரஞ்சுச் சுளை மாதிரி நீளவாக்கில் பிளக்கிறார்கள். பிளந்த சுளையின் குறுக்களவு சில மைக்ரான்தான். நம் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நுண்மை புரியும்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. பாலியெஸ்டர் தண்ணீரை உள்ளே ஏற்கவே ஏற்காது என்று சொல்லும் அளவுக்கு வறண்ட பொருள். பருத்தி நார் தண்ணீரைத் தனக்குள் வாங்கி ஊதும். அதனால்தான் நனைந்தால் கனக்கிறது, காய நேரம் எடுக்கிறது. மைக்ரோஃபைபர் தண்ணீரைப் பிடிப்பது சுளைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகளில். சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு விசையோடு தண்ணீர் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே விதி. முடிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைவிடத் துணியின் சந்து குறுகல் என்பதால், தொட்ட மாத்திரத்தில் தண்ணீர் துணிப் பக்கம் நகர்கிறது. அழுத்தவோ தேய்க்கவோ வேண்டிய தேவை குறைகிறது. மைக்ரோஃபைபரின் உண்மையான பலம் இது. கூடுதலாகத் துணி எடை குறைவு, கொடியில் சீக்கிரம் காயும்.

ஆனால் அக்கா மகள் வாங்கியிருந்தது பஞ்சுப் பஞ்சாக, பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று இருந்தது. உற்றுப் பார்த்தால் அதிலும் வளையங்கள், பருத்தித் துண்டில் இருப்பதைவிட நீளமாக. தொட்டால் மென்மை; முடிக்கு அதே கொக்கிகள். இன்னொரு குறையும் இருந்தது. மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, துணியின் ஓரத்தை அதன்மேல் லேசாக வைத்து இழுத்தேன். பிளந்த மைக்ரோஃபைபராக இருந்தால் சொட்டு மறைந்துவிடும். இது சொட்டைத் தள்ளிக்கொண்டே போய் மேசை ஓரத்தில் விட்டது. தையலோரத்துச் சீட்டில் முழுக்கப் பாலியெஸ்டர் என்றுதான் போட்டிருந்தது. பிளந்த ரகமானால் பெரும்பாலும் எண்பது பங்கு பாலியெஸ்டர், இருபது பங்கு பாலியமைடு என்ற மாதிரி இரண்டு பொருள் குறித்திருக்கும். கடையில் சொட்டு விட்டுப் பார்க்க முடியாவிட்டால் இந்தச் சீட்டைப் பார்க்கலாம். உள்ளங்கையால் தடவியும் பார்க்கலாம்: பிளந்த துணி விரல் நுனியின் சொரசொரப்பில் லேசாக ஒட்டிப் பிடிக்கும். இந்த ஒட்டும் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மைக்ரோஃபைபரானாலும் அதைப் போட்டுத் துவட்டினால், அது செதிலையும் அப்படித்தான் பிடிக்கும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் தட்டையான, வளையமில்லாத, இரண்டு பொருள் கலந்த தலைத்துணி ஒன்றை வாங்கி வந்தோம். இந்த முறை கை ஒன்றே, துணிதான் வேறு. வலப்பக்கத்துக்கு அந்தத் தலைத்துணி. இடப்பக்கத்துக்கு என் பழைய பருத்தி டீ ஷர்ட், துவைத்துத் துவைத்து இளகியது. இரண்டு பக்கமும் ஒற்று மட்டும். ஒற்றுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு துணியையும் சமையலறைத் தராசில் நிறுத்தோம். கூடிய எடைதான் அது எடுத்த தண்ணீர். வித்தியாசம் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் அளவுக்குக்கூட வரவில்லை. வேகத்தில் மட்டும் மாற்றம் தெரிந்தது: மைக்ரோஃபைபர் இரண்டு மூன்று அழுத்தலில் முடித்த வேலைக்கு டீ ஷர்ட்டில் இடம் மாற்றி மாற்றி ஏழெட்டு முறை ஒற்ற வேண்டியிருந்தது. காய்ந்த பிறகு ஜன்னல் பக்கம் நின்றபோது எது எந்தப் பக்கம் என்று அக்காவால் சொல்ல முடியவில்லை.

பனியன் துணியும் நூலை வளையமாக்கிப் பின்னுவதுதானே, அதில் மட்டும் முடி மாட்டாதா என்று கேட்கலாம். திருப்பூரில் பின்னுகிற பனியன் துணியில் ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்துக்குள் நுழைந்து தட்டையாகப் படுத்துவிடுகிறது. மேலே எழும்பி நிற்பதில்லை. ஈரிழைத் துண்டிலோ வளையமே கிடையாது. நேரான நூல், நேரான நெசவு. அம்மா அதில் முடிந்துவிட்டபோது முடி கலையாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். ஆனால் அதே துண்டின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு முடியைப் படபடவென்று அடித்து நீரை உதறும் பழக்கமும் நம்மிடம் உண்டு. நேரான நீள முடிக்கு அது பரவாயில்லாமல் போயிருக்கலாம். சுருளுக்கு ஆகாது.

ஆக, மைக்ரோஃபைபரா பருத்தியா என்று கேட்பதைவிட, தட்டையா வளையமா என்று கேட்பதே சரி என்பது என் முடிவு. தட்டையான பருத்தி, வளையம் வைத்த மைக்ரோஃபைபரைவிட மேல். தட்டையான மைக்ரோஃபைபருக்குப் பருத்தியைவிடக் கிடைக்கும் கூடுதல் மதிப்பு வேகம்தான். முடி மிகவும் அடர்த்தியாக இருப்பவர்கள், காலையில் ஓட்டமாக ஓடுபவர்கள், துணி காயாத மழைக்காலத்தில் இருப்பவர்களுக்கு அந்த வேகம் காசு கொடுத்து வாங்கத் தக்கது. மற்றவர்களுக்கு அலமாரியில் கிடக்கும் பழைய டீ ஷர்ட் போதும். மார்பில் ரப்பர் மாதிரி படம் அச்சிட்டது வேண்டாம், அந்த இடம் தண்ணீரை எடுக்காது.

சுற்றும் விதம் தனிக் கதை. அவள் வாங்கிய துணியின் உறையில் போட்டிருந்த படம், முடியைக் கயிறு திரிப்பதுபோல முறுக்கச் சொன்னது. முறுக்கினால் சுருள்கள் இழுபட்டு நீள்கின்றன. அப்படி நீண்ட நிலையிலேயே காயத் தொடங்கினால், வேர்ப்பக்கம் தட்டையாகவும் நுனி கலைந்தும் நிற்கும். அவள் முதல் இரண்டு வாரமும் பார்த்தது இதைத்தான். நெற்றியோரத்தில் இறுக்கிக் கட்டி வாலை இழுத்து மாட்டுவதும் நல்லதல்ல. நாள்தோறும் அதே இடத்தில் இழுவிசை விழுந்தால் முன்நெற்றி முடி மெலிந்து உதிரும். நனைந்த பெரிய தேங்காய்ப்பூத் துண்டைத் தலையில் சுமந்துகொண்டு சமையல் செய்பவர்களுக்குக் கழுத்து வலியும் சேரும்.

சுருளை நீளவிடாமல் சுற்ற, முழுக்கை டீ ஷர்ட் வசதி. கட்டில் மேல் அதை விரித்து, கைப்பகுதி உங்கள் பக்கம் இருக்கும்படி வையுங்கள். குனிந்து, தலையின் உச்சி துணியின் நடுவில் படும்படி முடியை மெல்ல இறக்குங்கள். சுருள்கள் மடிப்பு மடிப்பாக, ஸ்பிரிங் அமுங்குவதுபோல, உச்சியின் மேல் குவிய வேண்டும். எதிர்ப்பக்கம் இருக்கும் கீழ் ஓரத்தை எடுத்துப் பிடரி மேல் போர்த்துங்கள். இரண்டு கைகளையும் காதுக்கு மேலாகப் பின்னே கொண்டுபோய்ப் பிடரியில் ஒரு முடிச்சு. முறுக்கு எங்கும் கிடையாது. விரலை நெற்றிக்கும் துணிக்கும் நடுவே எளிதாக நுழைக்க முடிந்தால் இறுக்கம் சரி. வால் வைத்த தலைத்துணியையும் இதே முறையில் போடலாம். முடியை உள்ளே குவித்துவிட்டு, காலியாக இருக்கும் வாலை மட்டும் முறுக்கி மாட்டினால் போதும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எனக்கே பாடமாக அமைந்தது. துணி ஒன்று, கை ஒன்று, சுற்றும் விதமும் ஒன்று. மாற்றியது வரிசையை. அவள் அதுவரை முடியைச் சுற்றி வைத்து, அவிழ்த்த பிறகு கிரீமும் ஜெல்லும் தடவிக்கொண்டிருந்தாள். அன்று ஒரு பக்கத்துக்கு அப்படியே செய்தோம். மறுபக்கத்துக்கு, குளியலறையிலேயே தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போது கிரீமைத் தடவி, மேலே ஜெல்லும் போட்டு, சுருள்களைக் கையால் கீழிருந்து மேலே அள்ளிக் கசக்கிவிட்டு, அதன் பிறகுதான் துணிக்குள் வைத்தாள். முதல் பக்கம் சிலும்பியது. இரண்டாம் பக்கம் கட்டுக் கட்டாக நின்றது. துணி நல்ல துணி என்பதாலேயே இந்த விளைவு! சுருளைக் கட்டி வைத்திருப்பது நடுவில் உள்ள தண்ணீர் என்று முன்பே பார்த்தோம். மைக்ரோஃபைபர் அந்தத் தண்ணீரை வேகமாக எடுத்துவிடுகிறது, கட்டு அவிழ்கிறது. அதன் பிறகு கிரீமைத் தடவக் கைவைத்தால் அவிழ்ந்த இழைகளை விரல்கள் இன்னும் பிரிக்கின்றன. தண்ணீர் இருக்கும்போதே ஜெல்லைப் போட்டால், தண்ணீர் போகப் போக அந்த இடத்தில் ஜெல் படலம் உட்கார்ந்து கட்டைத் தொடர்ந்து பிடித்துக்கொள்கிறது. கிரீமில் ஒரு பகுதி துணியில் போய்விடுமே என்று அக்கா கேட்டாள். போகும்தான். கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும், துணியையும் அடிக்கடி துவைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் வைப்பது? பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம். அவிழ்த்துப் பார்க்கும்போது நுனியில் சொட்டு இருக்கக் கூடாது. தொட்டால் ஈரமும் குளிர்ச்சியும் தெரிய வேண்டும். சொட்டு நின்ற பிறகு துணிக்கு வேலை முடிந்துவிட்டது. அதற்கு மேல் வைத்தால் தலைப்பாகைக்குள் இருக்கும் வடிவத்திலேயே, உச்சி அமுங்கி, சுருள் மடிந்து காயத் தொடங்கும். தலைத்தோலும் ஈரத்திலும் சூட்டிலும் வெந்துகொண்டிருக்கும். பொடுகுத் தொல்லை உள்ளவர்களுக்கு அது கூடாது. ஈரத்தோடு கொண்டை போட்டுப் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அவிழ்த்த பிறகு முடி முழுக்கக் காயும் வரை கை படக் கூடாது. இது மிகவும் கடினம், எனக்குத் தெரியும். கை தானாகப் போகும். ஜெல் காய்ந்து முடி கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு கீழிருந்து மெல்ல அள்ளிக் கசக்கினால் விறைப்பு உதிர்ந்து சுருள் மட்டும் நிற்கும்.

எந்தத் துணியாலும் தீராத சிலும்பலும் உண்டு. அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் மெரினாவுக்குப் போய்விட்டு வந்தாள். திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. கடற்காற்றில் உள்ள ஈரம் முடிக்குள் புகுந்து, காய்ந்தபோது சேர்ந்த பிணைப்புகளை மறுபடி தளர்த்துகிறது. துண்டின் மேல் இதற்குப் பழி போட முடியாது. ப்ளீச் செய்த, ரசாயனத்தால் நேராக்கிய முடியிலும் இப்படித்தான். முடியின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் அங்கே போய்விட்டிருக்கும். தண்ணீர் வேகமாக உள்ளே போகும், வெளியே வரும், செதில் ஏற்கெனவே கிளம்பி நிற்கும். ஒற்றி எடுத்தால் புதிய சேதம் குறையும். பழைய சேதம் அப்பகுதி வளர்ந்து வெட்டப்படும் வரை இருக்கும்.

தலைத்துணியை எப்படித் துவைப்பது என்று உறையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. பருத்தித் துணிகளோடு சேர்த்துப் போடக் கூடாது. பருத்தியிலிருந்து உதிரும் பஞ்சு நுண்ணிழைகளில் சிக்கிக்கொண்டால் எடுக்க முடியாது. துணிக்கு மணமும் மென்மையும் தரும் திரவத்தை ஊற்றவே கூடாது. அது இழைகளின் மேல் வழவழப்பாகப் படிந்து, தண்ணீர் ஏற வேண்டிய சந்துகளை மூடிவிடும். இஸ்திரிப் பெட்டியின் சூடு பாலியெஸ்டரை இளக்கி இழைகளை ஒட்டவைத்துவிடும். கொஞ்சம் திரவ சோப்பு, பச்சைத் தண்ணீர், நிழலில் கொடி, அவ்வளவுதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு சலவையிலும் இந்தத் துணியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போகின்றன. நெருக்கமான வலைப் பைக்குள் போட்டுத் துவைத்தால் குறையும், நிற்காது. பழைய டீ ஷர்ட்டின் பக்கம் என் மனம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்கா மகள் இரண்டையும் வைத்திருக்கிறாள். கல்லூரி நாட்களில் தட்டையான தலைத்துணி, ஞாயிற்றுக்கிழமை என் டீ ஷர்ட். வளையம் வைத்த முதல் துணி இப்போது அவள் ஸ்கூட்டியின் இருக்கையைத் துடைக்கப் போய்விட்டது. மாதத்துக்கு ஒரு முறை மேசையில் ஒரு சொட்டு விட்டுத் தலைத்துணியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சொட்டு மறையாமல் துணிக்கு முன்னால் ஓடத் தொடங்கும் அன்றைக்கு, அதுவும் ஸ்கூட்டிக்குப் போகலாம்.